8,000 புஷ்களுக்கான பணம் எங்கே?

ஓசூர் சிப்காட்டில் எங்களிடம் உதிரிபாகம் வாங்கும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 10-ஆம் தேதி நாங்கள் இறக்கிய 8,000 புஷ்களுக்கான பில் 4,72,000 ரூபாய். சரக்கின் விலை 4 லட்சம், ஜி.எஸ்.டி. 72,000. உங்கள் தரப்பரிசோதனைப் பிரிவு அன்றே சலானில் முத்திரை குத்தியது. குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது சிறு தொழில்களுக்கான சட்டம், யாரும் சொல்லவில்லை. சரக்கு கிடைத்த 30 நாளில் பணம் என்பது ஒப்பந்தம். அந்தக் கெடு ஏப்ரல் 9-ஆம் தேதியே முடிந்துவிட்டது.

இத்தனை மாதம் தனிக் கடிதமாகவே எழுதிவந்தேன். போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த தொலைபேசிதான் இதைப் பொதுவில் எழுத வைத்தது. "2 சதவீதம் குறைத்துக்கொண்டால் இந்த வாரமே விடுவித்துவிடலாம்" என்றார் பேசியவர். அதாவது, எங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை வாங்க நாங்கள் 9,440 ரூபாய் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பதில் இந்த மடல்தான். முழுத் தொகையையும் வட்டியோடு தாருங்கள்.

வட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் விலைப்புள்ளியின் ஐந்தாவது நிபந்தனையைப் பாருங்கள்: கெடு தாண்டினால் ஆண்டுக்கு 18 சதவீதம். "விலைப்புள்ளியின் நிபந்தனைகளின்படி" என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதிக் கையெழுத்திட்டது உங்கள் நிறுவனம். கணக்கு இதுதான்: 4,72,000 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 84,960. நாளொன்றுக்கு ஏறக்குறைய 233 ரூபாய். இன்று ஜூலை 8, கெடு முடிந்து 90 நாள் ஆகிறது. வட்டி 20,949 ரூபாய். இது அதிகம் என்று நினைத்தால் உங்கள் ஆர்டரையே புரட்டுங்கள். எங்கள் சரக்கு தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் பிடித்தம் என்று அதில் இருக்கிறது. அது ஆண்டுக்கு 26 சதவீதம். அந்த விதி மட்டும் உங்களுக்கு ஒருமுறைகூட மறந்ததில்லை.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் உங்கள் அலுவலகம் எங்களை அழைத்தது, பணம் தருவதற்காக அல்ல. "11-ஆம் தேதிக்குள் பில்லைப் பதிவேற்றுங்கள், இல்லாவிட்டால் எங்கள் வரியில் கழிக்கக்கூடிய பில்களைக் காட்டும் 2பி பட்டியலில் வராது" என்று சொல்வதற்காக. பதிவேற்றினோம். ஏப்ரல் 20-ஆம் தேதி, எஃகு வாங்கியபோது நாங்கள் கட்டிய ஜி.எஸ்.டி.க்கான வரவு 30,600 போக, மீதி 41,400 ரூபாயை வங்கி ஓ.டி.யில் எடுத்து அரசுக்குக் கட்டினேன். அதே மாதக் கணக்கில் நீங்கள் எங்கள் பில்லின் 72,000 ரூபாயை உங்கள் வரியில் கழித்துக்கொண்டீர்கள். எங்களுக்குத் தராத பணத்தின் வரிச் சலுகை உங்களுக்கு. அந்த வரிக்காக வாங்கிய கடனின் வட்டி எங்களுக்கு. பட்டறையில் சனிக்கிழமை கூலி கேட்கும் லேத் ஆபரேட்டரிடம் இந்தக் கணக்கை நான் எப்படி விளக்குவது? ரவுண்ட் பார் தரும் வியாபாரி ஒரு வாரத்துக்கு மேல் கடன் சொல்ல விடுவதில்லை. ஆனாலும் பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய "சிறந்த சப்ளையர்" சான்றிதழ் பட்டறைச் சுவரில்தான் தொங்குகிறது. அதை அடகு பிடிக்க எந்த வங்கியும் முன்வரவில்லை.

அந்தச் சலுகையும் நிரந்தரமில்லை. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள், அதாவது செப்டம்பர் 6-க்குள், எங்களுக்குப் பணம் தராவிட்டால், கழித்துக்கொண்ட 72,000 ரூபாயை நீங்கள் வட்டியோடு அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். இது உங்களுக்குத் தெரியாத விதி அல்ல.

சரக்கு இறக்குவதற்கு முன்பே உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம் எங்களுடையது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. நாங்கள் கேட்பது தனி வட்டி மட்டுமே. இந்தச் சட்டப்படி நிலுவைப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போனால் கேட்பது கூட்டு வட்டியாக இருக்கும். மன்றத்தின் தீர்ப்பை எதிர்க்க நினைத்தால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிய பிறகுதான் நீதிமன்றம் உங்கள் மனுவை ஏற்கும்.

மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. அடுத்த ஆர்டரும் எங்களுக்கு வேண்டும். அதனால்தான் இன்னும் பத்து நாள் பொறுக்கிறேன். ஜூலை 18-ஆம் தேதிக்குள் 4,72,000 ரூபாயையும், அன்றுவரை 100 நாளுக்கான வட்டி 23,277 ரூபாயையும் பில்லில் உள்ள வங்கிக் கணக்கிலேயே செலுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 2 சதவீதத் தள்ளுபடி கிடையாது. வட்டிக்கான டெபிட் நோட்டும், முத்திரையுள்ள சலான் நகலும் விரைவுத் தபாலில் உங்களுக்குத் தனியே வருகின்றன.

இப்படிக்கு,
சிட்கோ பட்டறை உரிமையாளர் ஒருவர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்