நோட்டீஸ் தேதிய மொதல்ல தெளிவா எழுது

மாப்ள,

லெட்டர் பாத்தேன், அம்மா ஆபரேஷன் முடிஞ்சு நடக்க ஆரம்பிச்சிட்டாங்கன்னு கேட்டு மனசுக்கு நிம்மதியா இருக்கு. நாங்க போன மாசம் பொங்கோல் ஏரியாவுக்கு வீடு மாறிட்டோம், பசங்களுக்கு ஸ்கூல் பக்கம்.

நீ வேலை தேடுற விஷயத்துக்கு வர்றேன். புரொஃபைல்ல "நோட்டீஸ் நெகோஷியபிள்"னு போட்டிருக்கல்ல, அத எடுத்துடு. ரிக்ரூட்டருக்கு அதுல ஒண்ணும் புரியாது, அவரு கம்பெனிகிட்ட "ஒரு மாசத்துல வந்துடுவாரு"ன்னு தானா சொல்லிடுவாரு, கடைசில ரெண்டு மாசம்னு தெரியும்போது உன் பேர எடுத்துடுவாங்க. "நோட்டீஸ் 2 மாசம், ரிசைன் பண்ற நாள்லேந்து"ன்னு மட்டும் போடு. அங்க ஜாயினிங் தேதி போடாத, நாலு வாரத்துல அது பழசாயிடும். தேதிய ரிக்ரூட்டருக்கு போடற ரிப்ளைல சொல்லு.

அந்தத் தேதிய கணக்கு பண்ணும்போது நீ இங்க சிங்கப்பூர்ல எம்ப்ளாய்மெண்ட் பாஸ்ல இருக்கறத மறந்துடாத. புது கம்பெனி புதுசா பாஸ் அப்ளை பண்ணனும், பாஸ் குடுக்க ஒத்துக்கிட்டோம்னு வர்ற ஐபிஏ லெட்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி ரிசைன் பண்ணிடாத, பாஸ் ரிஜெக்ட் ஆனா ரெண்டு பக்கமும் வேலை இருக்காது. ஆன்லைன்ல அப்ளை பண்ணா பெரும்பாலும் 10 வேலை நாளுக்குள்ள பதில் வரும்னு மனிதவள அமைச்சு எம்ஓஎம் சொல்லுது, ஆனா கூடுதல் பேப்பர் கேட்டா இழுக்கும்.

இப்ப பாரு, மே மாசக் கடைசில ஐபிஏ வந்து ஜூன் 1 திங்கக்கிழமை ரிசைன் லெட்டர் குடுக்குறன்னு வச்சுக்க. இங்க லெட்டர் குடுத்த நாளும் நோட்டீஸ்ல சேரும், அதனால 2 மாசம் ஜூலை 31 வெள்ளியோட முடியும், ஆகஸ்ட் 3 திங்கக்கிழமை ஜாயின் பண்ணலாம். 10 நாள் ஆனுவல் லீவு மிச்சம் இருந்து, நோட்டீஸ்ல கழிச்சுக்க எச்ஆர் ஒத்துக்கிட்டா கடைசி நாள் ஜூலை 17, ஜூலை 20ல புது வேலை. ஆனா நோட்டீஸ் நேரத்துல சும்மா லீவு எடுக்குறது வேற, அப்ப ஜூலை 31 வரைக்கும் நீ பழைய கம்பெனி ஆளுதான், புது இடத்துல சேர முடியாது. இந்த வித்தியாசத்த எச்ஆர்கிட்ட ஈமெயில்ல எழுதி வாங்கிக்கோ, வாய்வார்த்தை போதாது.

ரிப்ளை இப்படி போகட்டும்: "நோட்டீஸ் 2 மாசம். ஐபிஏ வந்த அப்புறம்தான் ரிசைன் பண்ணுவேன். மே முடியறதுக்குள்ள ஐபிஏ வந்தா ஆகஸ்ட் 3 ஜாயின் பண்ணலாம், லீவு கழிக்க எச்ஆர் சம்மதிச்சா ஜூலை 20." அதுக்கும் முன்னாடி வேணும்னு கேட்டா மீதி நோட்டீஸுக்கு சம்பளத்த கட்டிட்டு வரலாம், ஆனா அந்தக் காசு யாரு தர்றாங்கன்னு ஆஃபர் லெட்டர்லயே எழுதச் சொல்லு, இல்லன்னா உன் கைக்காசுதான் போகும்.

ஒன்னு மட்டும் உடனே செய், உன் கான்ட்ராக்ட்ட எடுத்து நோட்டீஸ் பத்தி போட்டிருக்கறத படி. கன்ஃபர்ம் ஆனப்புறம் நோட்டீஸ் கூடுற கம்பெனிங்க நெறைய, நீ சொல்ற 2 மாசம் அதுல இருக்கறதுதானான்னு பாத்துட்டு எழுது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் தேக்கா பக்கம் வந்தா சொல்லு.

உன்,
மச்சான்