அது வள்ளிக்கிழங்கு என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. சாக்கின் மேல் பரப்பிய பழுப்புநிறக் கிழங்குகள், ஓரத்தில் ஒரு மண்வெட்டி. கீழே படமெடுத்தவர் பெயர் மட்டும் இருந்தது. கிழங்கு எது, எந்த ஊரில் எடுத்தது என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த வாரமே வாசகர் பகுதியில் ஒருவர், அது காட்டு வள்ளிக்கிழங்கு என்றும், தன் பாட்டி அவித்துக் கொடுப்பார் என்றும், மூட்டுவலிக்குக் கைகண்ட மருந்து என்றும் எழுதியிருந்தார். அதை அப்படியே அச்சிட்டுவிட்டீர்கள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தாராபுரம் பக்கம் பதினெட்டு வருடமாகக் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறவன். செங்காந்தள் என்றால் எல்லோருக்கும் தெரியும், நம் மாநிலப் பூ. விதைக்காகத்தான் பயிர் செய்கிறோம். அதிலிருந்து கோல்ச்சிசின் என்ற மருந்துப்பொருளை எடுக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இது எங்கள் கிழங்காயிற்றே என்பதுதான். ஒவ்வொன்றும் ஐம்பது அறுபது கிராம் இருக்கும்போல் தெரிந்தது. இரண்டு மூன்று கிழங்குகள் நடுவில் மடங்கி, கலப்பை மாதிரி வளைந்திருந்தன. அந்த வளைவை வைத்துத்தான் பழைய ஆட்கள் இதைக் கலப்பைக்கிழங்கு என்பார்கள். ஆனால் மீதிக் கிழங்குகள் நேராகக் கிடந்தன. படத்தை மட்டும் வைத்து இதுதான் என்று என்னாலும் சத்தியம் செய்ய முடியாது. பதினெட்டு வருடம் கையாண்டவனுக்கே இந்த நிலை. கடிதம் எழுதியவருக்கோ துளிச் சந்தேகமும் வரவில்லை.

கார்த்திகை மாதத்தில் இந்தக் குழப்பம் யாருக்கும் வராது. ஓரம் சுருண்டு, பச்சையில் தொடங்கி மஞ்சளாகிச் சிவக்கும் பூவைப் பார்த்துச் சின்னப் பிள்ளையும் பெயர் சொல்லிவிடும். கோடையில் கொடி முழுக்கக் காய்ந்துபோகும். பூவும் இலையும் போய், மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருக்கும். அப்போது தோண்டியெடுத்துத் திண்ணையில் கொட்டினால், பார்க்கிறவருக்கு அது சர்க்கரைவள்ளிக்குத் தம்பி மாதிரித்தான் தெரியும். அப்படி எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தது.

சில வருடங்களுக்கு முன் சித்திரையில், என் தங்கை வீட்டுக்காரர் வந்திருந்தார். வெளியூர்க்காரர், எங்கள் பயிரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் வெளியூர் போயிருந்தேன். திண்ணைக் குவியலில் இருந்து நாலு கிழங்கை எடுத்து, வள்ளிக்கிழங்குதானே என்று மாப்பிள்ளையே அவித்திருக்கிறார். கசந்ததால் ஒன்றில் பாதியைத் தின்றுவிட்டு வைத்துவிட்டார். பிள்ளைகள் கசப்பு என்று தொடவில்லை. அந்தக் கசப்புக்கு இன்றைக்கும் நான் கடன்பட்டவன். இரவு பத்து மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. பிறகு காலரா மாதிரித் தண்ணீராகவே போனது. பக்கத்து மருத்துவமனையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, வள்ளிக்கிழங்கு என்றே சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர் அதை நம்பாமல் என்ன செய்வார்? கெட்டுப்போன உணவு என்று எடுத்துக்கொண்டு குளுக்கோஸ் ஏற்றி, விடிந்ததும் சற்றுத் தேறியதைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அந்தத் தேறுதல்தான் ஏமாற்று. கோல்ச்சிசின் முதல் நாள் வயிற்றைப் பிடிக்கும். பிறகு சற்று அடங்கினாற்போல் இருக்கும். அடுத்த சில நாட்களில் எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படலாம். புதிதாகப் பிரியும் செல்களைப் பிரியவிடாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. காலையில் தங்கை போன் செய்தபோது கிழங்கு எப்படி இருந்தது என்றுதான் கேட்டேன். நடுவில் வளைந்திருந்தது, அண்ணா என்றாள். மிச்சமிருந்த பாதியைப் பையில் போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு உடனே கூட்டிப்போகச் சொன்னேன். பெயர் தெரிந்த பிறகுதான் அங்கே தினமும் ரத்தம் எடுத்து வெள்ளணுக்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நாலாம் நாள் எண்ணிக்கை இறங்கியது. பிழைத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டி, பிறகு முளைத்தது.

தவறான பெயர் அந்தக் கிழங்கைத் தின்ன வைத்ததோடு நிற்கவில்லை. நோயாளியோடு மருத்துவமனைக்கும் போய், மருத்துவரின் கண்ணையும் கட்டியது. ஒன்றும் தெரியாத ஏதோ ஒரு கிழங்கு என்று சொல்லியிருந்தால்கூட முதல் இரவே யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நஞ்சை உறிஞ்ச வயிற்றுக்குள் கரி கொடுப்பதும் நேரத்தோடு நடந்திருக்கலாம். மணிக்கணக்கு தாண்டினால் அதில் பெரிய பயனில்லை. கோல்ச்சிசினுக்கென்று நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் தனி முறிமருந்தும் கிடையாது.

இனி மூட்டுவலிப் பேச்சு. அதில் பாதி உண்மை இருப்பதுதான் பயமாக இருக்கிறது. கவுட் என்கிற மூட்டுவலிக்குக் கோல்ச்சிசின் மாத்திரை நிஜமாகவே உண்டு. ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். அதையே மருத்துவர்கள் எண்ணித்தான் கொடுப்பார்கள். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று எந்தப் பாட்டியாலும் சொல்ல முடியாது. அவித்தால் போய்விடும் என்பதும் சரியல்ல. மரவள்ளியை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் நஞ்சு குறையும் என்ற பழக்கத்தை இதற்கும் நீட்டிவிடுகிறார்கள். கோல்ச்சிசின் கொதியில் அழியாது.

சரி, எப்படித்தான் உறுதி செய்வது? சர்க்கரைவள்ளியை வெட்டினால் பிசுபிசுப்பான பால் கசியும். தோல் மேல் அங்கங்கே முளைக்கண் இருக்கும். கண்வலிக்கு முளை கிழங்கின் நுனியில் மட்டும்தான், நுனி ஒடிந்தால் நடவுக்கே ஆகாது. ஆனால் இதெல்லாம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை, படத்தில் தெரியாது. படத்தில் தெரியக்கூடிய, நம்பத்தக்க ஓர் அடையாளம் இலை. கண்வலி இலையின் நுனி நீண்டு, சுருண்டு, பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும் சுருளாக முடியும். வள்ளி இலை அகன்றிருக்கும், நுனியில் அந்தச் சுருள் கிடையாது. இலை இல்லாத கிழங்குப் படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் பயனில்லை.

ஆகையால் இரண்டே வேண்டுகோள். படமெடுத்தவர் எந்த ஊரில், எந்த மாதத்தில் எடுத்தார், அந்த இடத்துக் கொடியின் இலை நுனியைப் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று தயவுசெய்து கேளுங்கள். அது கிடைக்கும்வரை, அந்தப் படத்தில் உள்ள கிழங்கு உறுதி செய்யப்படவில்லை, யாரும் உண்ண வேண்டாம் என்று ஒரு வரியைப் போடுங்கள். அந்த வாசகர் கடிதம் வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரட்டும். உள்பக்கத்துத் திருத்தத்தை, கிழங்கைச் சட்டியில் போட்டவர் பார்க்க மாட்டார்.

இப்படிக்கு,
கண்வலி விவசாயி ஒருவர்,
தாராபுரம் வட்டம்.