ஒன்பது விழுக்காடு என்றால் கைக்கு எவ்வளவு வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் முழுப்பரீட்சை விடுமுறை விட்டதும் சிங்கப்பூர் தேக்காவில் கூட்டம் கூடிவிடும். நான் அந்தப் பக்கம் ஒரு கடையில் கல்லாவில் இருப்பவள். அந்த நாட்களில் நாங்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "ஏம்மா, ஏர்போர்ட்ல ஒன்பது பர்சன்ட் திரும்பக் கொடுப்பாங்கல்ல?" என்பதுதான். சுற்றுப்பயணிகள் இங்கு வாங்கி ஊருக்கு எடுத்துப்போகும் பொருளுக்குக் கட்டிய வரியைத் திருப்பித் தரும் திட்டம் அது, கொடுப்பார்கள். ஆனால் கேட்பவர் மனத்தில் வைத்திருக்கும் தொகை வராது. ஊருக்குப் போனபின் "ஏமாத்திட்டாங்க" என்று அவர் சொல்வது அநேகமாக எங்களைத்தான். அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்து எழுதலாம் என்று தோன்றியது.

பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. நம் கடைகளில் விலைச்சீட்டில் இருப்பது வரியும் சேர்ந்த விலை. திருச்சியிலிருந்து வந்த ஒரு பெரியவர் கைக்கடிகாரமும் ஒரு ஸ்பீக்கரும் எடுத்தார், ரசீது 327 வெள்ளி. கைப்பேசியில் 327ஐ 9 விழுக்காட்டால் பெருக்கி, 29 வெள்ளி 43 காசு வரும் என்று சொல்லிவிட்டார். நான் எழுதிக் காட்டினேன். பொருளின் உண்மை விலை 300 வெள்ளி, அதன் மேல் ஏறிய வரி 27 வெள்ளி. அவர் கட்டிய வரியே 27தான், அதற்கு மேல் யாரும் திருப்பித் தர முடியாது. சுலபமாகச் சொன்னால், ரசீதுத் தொகையை 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்க வேண்டும். நூற்றுக்கு 8 வெள்ளி 26 காசுதான் வரும். பெரியவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்போ பாக்கி கிட்டத்தட்ட ரெண்டரை வெள்ளி என் கணக்குத் தப்பா?" என்று சிரித்தார். ஆனால் அந்த 27கூட முழுதாகக் கைக்கு வராது. பணத்தைத் திருப்பித் தரும் வேலையை எடுத்துச் செய்யும் நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். அது எவ்வளவு என்பது கடைக்குக் கடை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொருளை எடுத்து பில் போட்ட பிறகுதான் அது பலருக்குத் தெரிய வருகிறது. என் குறையே இதுதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது குறைந்தபட்சத் தொகை. வரியோடு சேர்த்து 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை கூட்டிக் கணக்குக் காட்டலாம். "ஒரே கடை" என்பதில்தான் சிக்கல். கடைப்பெயரும் ஜிஎஸ்டி பதிவு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கடைகளில் 40 வெள்ளி வீதம் வாங்கினால் ஒரு காசும் கிடைக்காது. ஒரே கடையில் காலையில் 40, மதியம் 38, இரவு 25 என்று வாங்கினால் 103 வெள்ளி, அது கணக்கில் வரும். அதில் ஒன்றை மறுநாள் வாங்கினால் வராது. அதேபோல் சில சின்னக் கடைகள் ஜிஎஸ்டிக்குப் பதிவே செய்திருக்காது, ஆண்டு வருமானம் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடைக்கு அது கட்டாயமில்லை. வரியே வாங்காத கடை எதைத் திருப்பித் தரும்? பதிவு செய்த கடையும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும் என்று விதியில்லை. அதனால் பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இந்த 100 வெள்ளி ஓரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 97 வெள்ளிக்கு வாங்கியவருக்கு ஒன்றும் இல்லை. இன்னும் 4 வெள்ளிக்கு ஏதாவது எடுத்தால் 101 ஆகிறது, வரி 8 வெள்ளி 34 காசு. கட்டணம் போனாலும், எடுத்த பொருளின் விலைக்கு மேலேயே கையில் நிற்க வாய்ப்புண்டு. நான் பார்த்துச் சொல்லிவிடுவேன். வியாபாரம் பிடிக்கிறாள் என்று சிலர் சந்தேகப்படுவார்கள், பரவாயில்லை. 60 வெள்ளி ரசீதுடன் நிற்பவரிடம் இதைச் சொல்ல மாட்டேன், தேவையில்லாத 40 வெள்ளிச் செலவில் கட்டணம் போக ஐந்து வெள்ளி சொச்சம் மீட்பது கணக்கல்ல.

அப்புறம் பணம் வரும் விகிதம். பலர் இதை வரி விகிதத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். சாங்கி விமான நிலையத்தில் பணமாக வாங்கலாம், அது வெள்ளியாகக் கையில் வரும். கார்டு என்று சொன்னால் அது ஊருக்குப் போய்ச் சேரும்போது ரூபாயாகிறது, எந்த விகிதத்தில் என்பது நம் கையில் இல்லை. எண்களை நானே வைத்துக்கொள்கிறேன், உதாரணத்துக்கு மட்டும். வாங்கும்போது ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் கொடுத்தார், திரும்ப வரும்போது வங்கி 62 ரூபாய் விகிதத்தில் வரவு வைத்தது என்றால், 24 வெள்ளிக்கு 72 ரூபாய் குறையும். வரியை யாரும் குறைத்துக் கொடுக்கவில்லை, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே நாணயம் மாற்றுபவருக்குப் போன பணம் அது. மீண்டும் சிங்கப்பூர் வருபவர் என்றால் வெள்ளியாகவே வாங்கி வைத்துக்கொள்வது மேல். விமான நிலையத்திலேயே சாப்பிட்டுத் தீர்ப்பவர்களும் உண்டு, அதுவும் தப்பில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வாங்கிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பொருள் நாட்டை விட்டுப் போகவேண்டும். அதுவும் சாங்கி அல்லது சிலேத்தார் விமான நிலையம் வழியாக, அல்லது குறிப்பிட்ட சொகுசுக் கப்பல் முனையங்கள் வழியாக. உட்லண்ட்ஸில் பேருந்து ஏறி மலேசியாவின் ஜோகூர் போய் அங்கிருந்து விமானம் பிடிப்பவருக்கு ஒன்றும் கிடையாது. கோலாலம்பூர் சுற்றிவிட்டு அப்படியே ஊருக்குப் போகும் குடும்பங்கள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. சூட்கேசில் வைத்து அனுப்பும் பொருள் என்றால் பெட்டியைக் கவுண்டரில் கொடுப்பதற்கு முன்பே வரி திரும்பப் பெறும் இயந்திரத்தில் கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்யவேண்டும். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லி, பெட்டி ஏற்கனவே உள்ளே போய்விட்டது என்றால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. கைப்பையில் எடுத்துச் செல்வதைக் குடிநுழைவைத் தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது என் கோரிக்கை. வரி ஆணையம் கடைகளை வற்புறுத்த வேண்டும் என்று சொல்ல வரவில்லை, கடைக்காரர்களே நினைத்தால் போதும். "வரியில்லா விற்பனை" என்ற ஸ்டிக்கரை ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கடையும், அதன் பக்கத்தில் இன்னொரு வரி எழுதலாம்: நூறு வெள்ளிக்கு வாங்கினால், கட்டணம் போகக் கைக்கு வருவது இத்தனை வெள்ளி. தமிழிலும் எழுதினால் லிட்டில் இந்தியாவில் பாதிச் சண்டை குறையும். இதற்குப் பெரிய செலவில்லை. என் முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன், "மத்தவங்க போட்டா நாமும் போடுவோம்" என்றார். எல்லாருமே இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் யார் முதலில் போடுவது என்பதுதான் தெரியவில்லை. உங்கள் பத்திரிகை கேட்டால் ஒருவேளை யாராவது தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
கல்லாவில் இருக்கும் வாசகி ஒருத்தி,
லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்