டிவிக்கு ஒரு வீடியோ போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளித் தள்ளுபடி தொடங்கினாலே 'பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள்' என்ற அறிவுரையும் கூடவே வந்துவிடுகிறது. செல்போனுக்கும் ஹெட்போனுக்கும் அது போதும். வாங்கிய கையோடு பிரித்து, பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடலாம். டிவிக்கு அந்த அறிவுரை பாதிதான் உதவும். டிவி வீட்டுக்கு வருவது ஒரு நாள், பிரிக்கப்படுவது வேறொரு நாள். பல பிராண்டுகள் நிறுவ வரும் டெக்னீஷியன்தான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று பெட்டியின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகின்றன. இந்த இரண்டு நாள்களுக்கு நடுவே பெட்டி உங்கள் வீட்டில் சும்மா நின்றதே, அந்த இடைவெளியில்தான் 'பேனல் உங்கள் வீட்டில் உடைந்தது' என்ற பதில் பிறக்கிறது. உடைந்த பேனல் வாரண்டியில் சேராது. பேனலை மாற்றும் செலவு டிவியின் விலையை நெருங்கிவிடும். அதனால் டிவிக்கு இரண்டு வீடியோ தேவை, அந்த இரண்டையும் இணைக்கும் ஒரு முடிச்சும் தேவை.

ஒரு 43 அங்குல டிவி வெள்ளிக்கிழமை மாலை லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு வருகிறது, டெக்னீஷியன் திங்கட்கிழமை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வீடியோ வாசலிலேயே, ஓடிபி சொல்வதற்கு முன்னால். இரண்டு நிமிடம் போதும். முதலில் கூரியர் லேபிள்: ஆர்டர் எண் படிக்கிற அளவுக்கு அருகில் காட்டுங்கள். அடுத்து பிராண்டின் சொந்த லேபிள்: மாடல் எண், சீரியல் எண். பிறகு பெட்டியின் ஆறு பக்கங்கள். அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மாடிப்படியில் ஏற்றும்போது பெட்டி இடிபடுவது அடி மூலைகளில்தான், ஆகவே கொண்டுவந்தவரிடம் கொஞ்சம் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். சென்னையில் தள்ளுபடிக் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவதால் அட்டையின் அடியில் நீர்க்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளாஸ்டிக் பட்டைகள் இறுக்கமாக இருக்கின்றனவா, டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் கேமராவில் காட்டுங்கள். இரட்டை டேப் இருந்தால் பெட்டி ஏற்கெனவே ஒருமுறை திறக்கப்பட்டிருக்கலாம்.

"சார், இன்னும் முப்பது டெலிவரி இருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்பார் வந்தவர். அவர் அவசரம் நியாயமானதுதான். ஆனால் ஓடிபி சொன்ன நொடியில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று பதிவாகிவிடும். மூலை உள்ளே நசுங்கியிருந்தாலோ அட்டையில் ஓட்டை இருந்தாலோ பெட்டியை வாங்காமல் திருப்பி அனுப்புவதே நல்லது. ஆர்டரில் 'ஓப்பன் பாக்ஸ் டெலிவரி' என்று இருந்தால், அவரே பெட்டியைத் திறந்து காட்டிய பிறகுதான் ஓடிபி.

இனி அந்த முடிச்சு. பெட்டியை உள்ளே கொண்டுவந்ததும் மேல் டேப்பின் மீது, பாதி டேப்பிலும் பாதி அட்டையிலும் விழும்படி, மார்க்கரால் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். அடி டேப்பிலும் அதேபோல். டேப்பை உரித்து மறுபடி ஒட்டினால் கையெழுத்தின் இரண்டு பாதிகளும் நேர்கோட்டில் சேராது. முதல் வீடியோவை நிறுத்தாமல் இதையும் அதிலேயே பதிவு செய்துவிடுங்கள். பெட்டியைச் சுவரோரம் நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் கண்ணாடி நடுவில் வளையும், மேலே ஒரு தலையணை எடை விழுந்தாலும் விரிசல் விடலாம். அன்றைக்கே டெக்னீஷியனுக்கும் பதிவு செய்யுங்கள். மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் டெலிவரி நாளிலிருந்து எண்ணப்படுகிறது, டிவியை மாட்டிய நாளிலிருந்து அல்ல. கெடு எத்தனை நாள் என்பது ஆர்டர் பக்கத்தில் இருக்கும். அதற்குள் டெக்னீஷியன் வராமல் இழுத்தடித்தால் ஸ்டிக்கரை மீறி நீங்களே திறக்காதீர்கள். விற்பவருக்கும் பிராண்டுக்கும் அன்றே மின்னஞ்சலில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது வீடியோ திங்கட்கிழமை. போனில் 1080p போதும், நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 130 எம்பி பிடிக்கும். இருபது நிமிடத்துக்கு 3 ஜிபி காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நடுவே வரும் அழைப்பு பல போன்களில் பதிவை நிறுத்திவிடும். வீடியோவில் ஒரு வெட்டு விழுந்துவிட்டால் 'அந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள்' என்று கேட்க அதுவே போதும். பாஸ் பொத்தானையும் தொடாதீர்கள். போனை இன்னொருவர் பிடிக்கட்டும். முகங்கள் தேவையில்லை, பெட்டியும் கைகளும் சட்டகத்துக்குள் இருந்தால் போதும்.

தொடக்கம் அந்தக் கையெழுத்துத்தான். டேப்பில் அது முறியாமல் இருப்பதைக் காட்டி, சீரியல் எண் லேபிளைக் காட்டி, அதன் பிறகு கத்தி. உள்ளேயிருந்து வருவதையெல்லாம் ஒரு போர்வையில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள்: இரண்டு கால்கள், அவற்றின் திருகுகள், ரிமோட், பேட்டரி, பவர் கேபிள் தனியாக இருந்தால் அது, கையேடு. கையேட்டின் முதல் பக்கங்களில் பெட்டிக்குள் இருக்க வேண்டியவற்றின் பட்டியல் இருக்கும், அதையும் காட்டுங்கள். சுவரில் மாட்டும் பிராக்கெட் பல மாடல்களில் பெட்டிக்குள் வருவதே இல்லை, டெக்னீஷியன்தான் கொண்டுவருவார். அதைக் காணவில்லை என்று புகார் எழுதி உண்மையான புகாரையும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ரிமோட்டையும் திருகுகளையும் தெர்மோகோலின் குழிக்குள் செருகி அனுப்புவது வழக்கம். ஆகவே 'ரிமோட் இல்லை' என்று சொல்ல வேண்டுமானால் தெர்மோகோல் துண்டுகளைப் புரட்டிக் காட்டி, காலிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் காட்ட வேண்டும். இதைச் செய்யாத வீடியோ உதிரிப்பொருள் புகாரில் எதையும் நிரூபிக்காது.

அடுத்து டிவியின் முதுகில் உள்ள சீரியல் எண். அது பெட்டி லேபிளில் இருப்பதுதானா என்று இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். பிறகு திரை. அணைந்திருக்கும் திரையில் விரிசல் நேராகப் பார்த்தால் தெரியாது, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள் முழுசாக இருக்க, அடியிலுள்ள கண்ணாடி மட்டும் விரிந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து நான்கு ஓரங்களிலும் மெதுவாக நகர்த்துங்கள்.

அதோடு விடாமல், சுவரில் மாட்டுவதற்கு முன்பே மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். கால்களைப் பொருத்தி மேசையில் நிறுத்தினால் போதும். டெக்னீஷியன்கள் பலர் முதலில் துளையிட்டு மாட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார்கள், அவர்களுக்கு அது வேகம். ஆனால் மாட்டிய பிறகு விரிசல் தெரிந்தால் அது லாரியில் வந்ததா, டிரில்லிங் மெஷின் வேலையில் வந்ததா என்று விற்பவரும் பிராண்டும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

திரை எரிந்ததும் தெரியும் குறை எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் புகாரின் வாசகம் அமைய வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலை போலக் கோடுகள் ஓடுவதும், மை கொட்டியது போலக் கருப்பு ஊதாத் திட்டு பரவுவதும் அடிபட்ட பேனல். இது டெலிவரிச் சேதம், விற்பவரிடம் கேட்க வேண்டியது. கண்ணாடி முழுசாக இருந்து, மேலிருந்து கீழாக நேரான ஒரு கோடு மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் பேனல் விளிம்பிலுள்ள இணைப்பின் கோளாறு. சத்தம் வருகிறது, படம் இல்லை, ஆனால் இருட்டில் டார்ச் அடித்தால் மங்கலாக உருவம் தெரிகிறது என்றால், திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட்டின் கோளாறு. இவை இரண்டும் உற்பத்திக் குறை, வாரண்டியில் சேரும். கோடு விழுந்த டிவிக்கு 'ஸ்கிரீன் உடைந்துவிட்டது' என்று வாடிக்கையாளரே எழுதிக் கொடுத்துவிட்டால், டெக்னீஷியன் நிரப்பும் தாளில் 'பிசிகல் டேமேஜ்' என்று ஏறிவிடும். பிறகு இறக்குவது பெரும்பாடு.

அந்தத் தாள், அதாவது ஜாப் ஷீட், வீடியோவுக்குச் சமமான சாட்சி. 'பெட்டி பிரிக்கும்போதே சேதம், டிவி மாட்டப்படவில்லை' என்று டெக்னீஷியன் எழுதியிருக்கிறாரா என்று படித்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான், கிளம்பும்போது அவர் கேட்கும் ஓடிபியைச் சொல்லுங்கள். அந்த எண் சர்வீஸ் திருப்தியாக முடிந்தது என்று புகாரையே மூடிவிடும்.

வீடியோ கோப்பை எடிட் செய்யாதீர்கள், பாட்டு சேர்க்காதீர்கள், ஓரத்தை வெட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், சீரியல் எண் படிக்க முடியாமல் போகும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். விற்பவரின் செயலியில் சிறு கோப்பைத்தான் ஏற்றமுடியும் என்றால் நகலை வெட்டி ஏற்றி, முழு வீடியோ கைவசம் உள்ளதென எழுதுங்கள். போனில் இருக்கும் மூலத்தை மட்டும் அழிக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பும், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீடும் கேட்கப்படுகிறது. கோப்பில் ஒரு சிறு மாற்றம் செய்தாலும் அது மாறிவிடும்.

'வீடியோ இல்லை, ஆகவே ஒன்றும் செய்ய முடியாது' என்பது விற்பவர் தானாக வைத்துக்கொண்ட நிபந்தனை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு கட்டாயம் இல்லை. 2020 மின்வணிக விதிகளின்படி குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

ஒன்றை விட்டுவிட்டேன். திரை நன்றாக எரிந்த மகிழ்ச்சியில் அட்டையையும் தெர்மோகோலையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். மாற்றும் கெடு முடிவதற்குள் கோடு விழுந்தால், திரும்ப எடுக்க வருபவர் சீரியல் எண் ஒட்டிய அந்தப் பெட்டியைத்தான் முதலில் கேட்பார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பெரம்பூர், சென்னை - 11