‘ரெக்கார்ட் இல்ல’ன்னு எழுதறதுக்கு முன்னாடி யார்கிட்ட கேட்டீங்க? வெரிஃபிகேஷன் ஏஜென்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

நான் கொழிஞ்சாம்பாறைல ஒரு அக்ஷயா சென்டர்ல, அதாவது கேரளாவோட இ-சேவை மையத்துல, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிறவன். பாலக்காடு ஜில்லாதான், ஆனா எங்க கடைவீதில நின்னு பாத்தா காதுல விழறது பாதிக்கு மேல தமிழ்தான். எங்க புள்ளைங்க பத்தாவது, பிளஸ் டூ எல்லாம் இங்க கேரளா ஸ்கூல்ல முடிச்சுட்டு டிகிரிக்கு வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோயம்புத்தூருக்கோ, கோபாலபுரம் வழியா பொள்ளாச்சிக்கோ பஸ் ஏறிடுவாங்க, அதனால ஒருத்தரோட படிப்பு ஃபைலத் தொறந்தா ரெண்டு ஸ்டேட்டோட பேப்பர் கலந்துதான் இருக்கும். வேலை கெடைச்சதும் சர்டிபிகேட் நெசமான்னு கம்பெனிக்காக சரிபாக்க உங்க லிங்க் வரும், டாக்குமெண்ட் அப்லோட் பண்ணச் சொல்லி, அத எடுத்துட்டு நேரா என் கடைக்குத்தான் வருவாங்க.

இப்ப சொல்லப்போறது எங்க தெருவுல இருக்கிற ஒரு புள்ளையோட கதை. பேரு வேண்டாம். 2015ல கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்ல பி.காம் சேந்து 2018 ஏப்ரல் எக்ஸாம்ல முடிச்சுது. ரெகுலர், அரியர் ஒண்ணும் கிடையாது. கொஞ்ச வருஷம் இங்கயே ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்துட்டு எறணாகுளத்துல ஒரு கம்பெனில ஆஃபர் வாங்குச்சு, அவங்க உங்கள மாதிரி ஒரு ஏஜென்சிகிட்ட வெரிஃபிகேஷன் குடுத்தாங்க. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெச்ஆர்கிட்ட இருந்து மெயில், எஜுகேஷன் செக் ரெட், அஞ்சு வேலை நாளுக்குள்ள விளக்கம் குடுங்கன்னு. என்ன தப்புன்னு ஒரு வரி கூட இல்ல. அந்தப் புள்ளையோட அப்பா தென்னந்தோப்புல கூலிக்குப் போறவரு, அவரு என்னப் பாத்து கேட்ட மொதக் கேள்வியே “ஏனுங்க, சர்டிபிகேட்டு போலின்னு சொல்றாங்களாமே?”ன்னுதான்.

போலின்னு யாரும் சொல்லலைங்க. ஆனா ரெட்டுன்னு ஒரு கலர் அடிச்சுட்டா வீட்ல கேக்கிறவங்களுக்கு அது அப்படித்தான கேக்கும்.

மொதல்ல ஹெச்ஆர்க்கு மெயில் போட்டு முழு ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கினோம், முன்பக்க சுருக்கம் மட்டும் இல்ல, பின்னாடி வர்ற இணைப்பையும் சேத்து. உண்மை அங்கதான் இருக்கும். யார்கிட்ட கேட்டாங்க, பதில் சொன்னவரு என்ன பதவி, எந்தத் தேதி, மெயிலா லெட்டரா போனா, அவங்க சொன்ன வாசகம் என்னன்னு அதுல வரும். முன்பக்கத்துல ‘ரெக்கார்ட் நாட் ஃபவுண்ட்’ன்னு கட்டம் கட்டி போட்டிருந்துச்சு. பின்னாடி யூனிவர்சிட்டியோட பதிலப் படிச்சா, இந்த மாணவி தன்னாட்சிக் கல்லூரியில படிச்சவங்க, மதிப்பெண் விவரம் எங்ககிட்ட இல்ல, கல்லூரியோட தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர அணுகவும்னு தெளிவா எழுதியிருக்காங்க. அதாவது ‘எங்ககிட்ட கேக்காதீங்க, அங்க போங்க’ன்னு வழி காட்டியிருக்காங்க. அத ஆளே இல்லன்னு எப்படி எழுதினீங்க?

தமிழ்நாட்டுல ஆட்டானமஸ், அதாவது தன்னாட்சி காலேஜ்னா எப்படின்னு உங்க டீம்ல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னுதான் நெனச்சேன். சிலபஸ் போடறது, கொஸ்டின் பேப்பர் எடுக்கறது, பேப்பர் திருத்தறது, ரிசல்ட் விடறது, மார்க் ஷீட் அடிக்கறது எல்லாமே காலேஜ்தான், அங்கயே தனியா ஒரு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருப்பாரு. யூனிவர்சிட்டி கடைசியா அந்த ரிசல்ட்ட வாங்கிட்டு டிகிரி சர்டிபிகேட் மட்டும் குடுக்கும். அப்ப ஒரே ஆளுக்கு ரெண்டு எடத்துல ரெக்கார்ட், டிகிரி குடுத்தது நெசமான்னு யூனிவர்சிட்டி சொல்லும், மார்க்கும் செமஸ்டரும் காலேஜ்தான் சொல்லும். நீங்க மார்க் ஷீட்ட கொண்டுபோய் யூனிவர்சிட்டில நீட்டினா அவங்க கைய விரிக்கத்தான் செய்வாங்க. கண்டுபிடிக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, மார்க் ஷீட்ல கீழ யாரோட கையெழுத்து இருக்கோ அவங்க ஆபீஸ்லதான் அதோட ரெக்கார்ட் இருக்கும். இதுல இன்னொரு சிக்கல், ஒரு காலேஜுக்கு நடுவுல தன்னாட்சி கெடைச்சா அதுக்கு முன்னாடியே சேந்த பேட்ச் பழைய மாதிரி யூனிவர்சிட்டி எக்ஸாமே எழுதி முடிப்பாங்க, அடுத்த பேட்ச் காலேஜ் எக்ஸாம் எழுதும். ஒரே காலேஜ், ஒரே கோர்ஸ், ஆனா அண்ணனோட மார்க்கு ஒரு எடத்துல, தங்கச்சியோடது இன்னொரு எடத்துல. அதனால காலேஜ் பேர மட்டும் வச்சு யாருக்கு மெயில் அனுப்பணும்னு முடிவு பண்ணிடாதீங்க, எந்த வருஷம் சேந்தாங்கன்னும் பாருங்க.

ரிப்போர்ட்ல ரெண்டாவது ஒரு வரி இருந்துச்சு, பாஸ் பண்ணின வருஷம் ஒத்துப்போகலன்னு. ஃபாரத்துல 2019, மார்க் ஷீட்ல 2018. இது என் தப்புங்க, ஒத்துக்கறேன், டைப் பண்ணினது நான். உங்க ஃபாரத்துல ‘கிராஜுவேஷன் தேதி’ன்னு கேட்டிருந்துச்சு, நான் டிகிரி சர்டிபிகேட்ல கீழ இருந்த தேதியப் பாத்து போட்டுட்டேன், அது பட்டமளிப்பு விழா தேதி, 2019. அதே சர்டிபிகேட்ல மேல ‘ஏப்ரல் 2018ல் நடைபெற்ற தேர்வில்’ன்னு வாக்கியத்துக்கு நடுவுல இருக்கு, பாஸான வருஷம்னா அதுதான். கடைசி பரீட்சை எழுதின மாசம், ரிசல்ட் வந்த தேதி, ப்ரொவிஷனல் தேதி, பட்டமளிப்பு தேதின்னு நாலு தேதி இருக்கு, அரியர் வச்சவங்களுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு சேரும். உங்க ஃபாரம் எதக் கேக்குதுன்னு ஒரு வரி எழுதி வச்சா என்ன குறைஞ்சு போயிடும்? இப்பல்லாம் நான் யாருக்கு ஃபில் பண்ணினாலும் கடைசிப் பரீட்சைல பாஸான மாசம் வருஷத்ததான் போடறேன்.

எஸ்எஸ்எல்சியப் பத்தியும் ஒரு வார்த்தை. கேரளால 2005ல இருந்து எஸ்எஸ்எல்சில கிரேடுதான், மார்க்கு கிடையாது. உங்க ஃபாரத்துல பர்சன்டேஜ் கட்டம் கட்டாயம், காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது. புள்ளைங்க ஏதோ ஒரு கணக்கு போட்டு ஒரு நம்பர எழுதுவாங்க, அத ஒத்துப்போகலன்னு நீங்க குறி போடறீங்க. சர்டிபிகேட்லயே இல்லாத ஒரு நம்பர எதோட ஒத்துப் பாக்கறீங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

சரி, கதைக்கு வர்றேன். விளக்கம்னு கேட்டதும் அந்தப் புள்ள அழுதுகிட்டே ரெண்டு பக்கத்துக்கு, நான் நேர்மையானவ, எங்க குடும்பம் இப்படின்னு எழுதி வச்சிருந்துச்சு. நான் அத எடுத்து வச்சுட்டேன். படிக்கிறவருக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல, அவருக்கு வேண்டியது மறுபடி எங்க கேக்கணும்னு ஒரு அட்ரஸ். ஒரே பக்கத்துல எழுதினோம். ரிப்போர்ட்ல இந்த வரி, இணைப்புல யூனிவர்சிட்டி உண்மையில சொன்ன வாசகம் இது, அதுப்படி கேக்கவேண்டிய எடம் காலேஜ் தேர்வு அலுவலகம், தயவுசெஞ்சு அங்க மறு வெரிஃபிகேஷன் பண்ணுங்க. வருஷத்தப் பொறுத்தவரைக்கும் ஃபாரத்துல 2019ன்னு போட்டது எங்க பிழை, சரியானது ஏப்ரல் 2018, டிகிரி சர்டிபிகேட்ல இந்த வாக்கியத்தப் பாக்கவும். கூட டிகிரி, ப்ரொவிஷனல், ஆறு செமஸ்டர் மார்க் ஷீட், எல்லாத்தையும் முன்னும் பின்னும் ஸ்கேன் பண்ணி வச்சோம். மொதல் தடவ நான் முன்பக்கம் மட்டும்தான் போட்டிருந்தேன், தேர்வு அலுவலகத்தோட அட்ரஸும் கிரேடு விளக்கமும் பின்பக்கத்துல இருந்துச்சு. மெயில் ஹெச்ஆர்க்கு, காப்பி உங்களுக்கு. உங்களுக்கு மட்டும் அனுப்பினா, எங்க கஸ்டமர் கம்பெனிதான், அவங்க சொல்லாம ஃபைலத் தொறக்க மாட்டோம்னு பதில் வரும்னு எனக்கு முன்னாடியே அனுபவம்.

அவசரத்துல அவங்க அப்பா காலேஜுக்கே நேர்ல போய் உண்மைத்தன்மைச் சான்று வாங்கிட்டு வந்துட்டாரு, ஒரு நாள் கூலி போச்சு. நீங்க அத எடுத்துக்கல. அதுல உங்க மேல எனக்கு கோவம் இல்ல, ஆளே கொண்டுவந்து குடுக்கிற பேப்பர நம்பினா வெரிஃபிகேஷனே எதுக்கு. ஆனா அத மொதல்லயே சொல்லியிருக்கலாம். அப்புறம் தேர்வு அலுவலகத்துல கெஞ்சி, அவங்களோட அஃபிஷியல் மெயில்ல இருந்து நேரா ஹெச்ஆருக்கும் உங்களுக்கும் அனுப்ப வச்சோம். செமஸ்டர் பேப்பர் திருத்தற சமயம், பதினோரு நாளாச்சு. ஹெச்ஆர் குடுத்த அஞ்சு நாள் எப்பவோ முடிஞ்சு போச்சு, நல்ல மனுசி, ‘வெரிஃபிகேஷன் நிலுவையில் உள்ளது’ன்னு தேர்வு அலுவலகத்துல கட்டணம் கட்டின ரசீத வச்சு தேதிய நீட்டிக் குடுத்தாங்க.

ரிப்போர்ட்டோட இணைப்ப காட்டவே மாட்டேன்னு சொல்ற எடமும் இருக்கு. அப்ப நான் சொல்றது ஆர்டிஐ. அரசு யூனிவர்சிட்டிக்கு 2005 தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டி, என் சர்டிபிகேட்டப் பத்தி இந்த ஏஜென்சிக்கு நீங்க அனுப்பின பதிலோட நகல் வேணும்னு கேக்கலாம், முப்பது நாள்ல பதில் குடுக்கணும். நாள் ஆகும், ஆஃபரக் காப்பாத்த உதவாம போகலாம், ஆனா அடுத்த கம்பெனிக்குப் போகும்போது கையில ஒரு பேப்பர் இருக்கும்.

உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டே விஷயம். சரிபார்க்க முடியலங்கறதுக்கும் தப்பா இருக்குங்கறதுக்கும் வேற வேற கலர் உங்ககிட்டயே இருக்கு, அத ஒழுங்கா போடுங்க. எங்க கேஸுக்கு வரவேண்டியது ஆரஞ்சு, நீங்க அடிச்சது ரெட்டு. இன்னொண்ணு, பதினாறாவது நாள் திருத்தின ரிப்போர்ட் வந்துச்சு, பச்சை, அந்தப் புள்ள வேலைலயும் சேந்துருச்சு. ஆனா பழைய பிடிஎஃப் இன்னும் அந்தக் கம்பெனி ஃபோல்டர்ல கெடக்குது, புது ரிப்போர்ட்ல ‘முந்தையத ரத்து செய்கிறது’ன்னு எங்கயும் எழுதல. அந்த ஒரு வரிக்காக நாங்க மூணு மெயில் போட்டாச்சு, ஃபைல் நம்பர் சப்ஜெக்ட்லயே இருக்கு, எடுத்துப் பாருங்க.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைல இருந்து, உங்க லிங்க்க தெனமும் தொறக்கிற ஒருத்தன்