திரும்பும் வாகனம் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

கடந்த சனிக்கிழமை காலை ஒன்பதரை மணியளவில் நான் பள்ளி வாயிலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். நமது பக்கவீதி பிரதான வீதியோடு சேரும் முனையில், இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அம்மம்மாவின் கையைப் பிடித்தபடி கடப்பதற்காகக் காத்து நின்றாள். பிரதான வீதியில் வந்த கார் ஒன்று இடப்பக்கச் சிக்னலைப் போட்டு வேகத்தைக் குறைத்தது. தங்களுக்கு வழிவிடுவதற்காகவே அது மெதுவாகிறது என்று எண்ணி அம்மம்மா ஓரடி எடுத்து வைத்தார். காரோ நிற்காமல் திரும்பியது. அவர் பேத்தியைப் பின்னால் இழுத்த வேகத்தில் பிள்ளையின் புத்தகப் பை தோளிலிருந்து கழன்று வீதியில் விழ, காரின் பின்சில்லு அதன் வாரின் மேல் ஏறிப் போனது. ஒருவருக்கும் காயமில்லை.

காரை ஓட்டிவந்தவரும் நமது பெற்றோரில் ஒருவர். அவர் உடனே இறங்கி வந்து அம்மம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். இதை எல்லோருக்கும் எழுதலாம் என்று அனுமதி தந்தவரும் அவரே. அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: “அந்த இடத்தில் கடவை ஒன்றும் இல்லையே, மிஸ். அப்படியென்றால் வாகனத்துக்குத்தானே முன்னுரிமை?” நம்மில் பலர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சென்னையிலோ வாகனம் ஓட்டப் பழகியவர்கள், லண்டனிலேயே பழகியவர்களிலும் பெரும்பாலானோர் 2022ஆம் ஆண்டுக்கு முன்பே அனுமதிப்பத்திரம் பெற்றுவிட்டவர்கள். ஆகவே அந்தக் கேள்வி அவர் ஒருவருடையதாக மட்டும் இருக்காது என்று நினைத்து, அதற்குரிய பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

2022 ஜனவரி 29 அன்று பிரித்தானியாவின் வீதி விதிமுறை நூலான ஹைவே கோட் திருத்தப்பட்டது. அதற்கு முன், நீங்கள் திரும்பும் வீதியில் ஒருவர் ஏற்கெனவே கால் வைத்துக் கடக்கத் தொடங்கியிருந்தால் மட்டுமே அவருக்கு முன்னுரிமை இருந்தது. இப்போது, நீங்கள் எந்த வீதிக்குள் திரும்புகிறீர்களோ, எந்த வீதியிலிருந்து வெளியே திரும்புகிறீர்களோ, அந்த வீதியைக் கடப்பதற்காக ஓரத்தில் காத்து நிற்பவருக்கும் நீங்கள் வழிவிட வேண்டும். அங்கே கோடுகள் எதுவும் வரையப்பட்டிருக்கத் தேவையில்லை. இடப்பக்கம் திரும்புபவருக்கும், எதிர்த்திசை வாகனங்களுக்கு நடுவே இடைவெளி பார்த்து வலப்பக்கம் திரும்புபவருக்கும், பக்கவீதியிலிருந்து பிரதான வீதிக்கு ஏறுபவருக்கும் இது ஒரே மாதிரிப் பொருந்தும். வலப்பக்கம் திரும்புகையில்தான் தவறு அதிகம் நேர்கிறது என்பது வாயிலில் நின்று பார்த்ததில் நான் கண்டது. சாரதியின் கண் முழுவதும் எதிரே வரும் வாகனங்களின் மேல் இருக்கிறது, இடைவெளி கிடைத்ததும் அவசரமாகத் திரும்புகிறார், பக்கவீதியின் வாயில் நிற்கும் பிள்ளையைத் திரும்பிய பிறகே காண்கிறார்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததையே எடுத்துக்கொண்டால், சாரதி செய்திருக்க வேண்டியது இது. திரும்புமுன் பின்கண்ணாடியைப் பார்த்து, சிக்னலை நேரத்தோடு போட்டு, படிப்படியாக வேகத்தைக் குறைத்து, வீதி முனையில் நிற்பவர்களின் உடல் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று கவனித்திருக்க வேண்டும். பக்கவீதியை நோக்கி நின்று, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பவர் கடக்க நினைப்பவர். அப்படி ஒருவரைக் கண்டால், திரும்புவதற்கு முன்பே பிரதான வீதியிலேயே நிறுத்தி, அவர் மறுகரை சேரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னால் வருபவர் மோதிவிடுவாரே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது திடீரென்று நிறுத்துவதால் வரும் ஆபத்து, மெதுவாகக் குறைத்து நிறுத்தினால் பின்னால் வருபவரும் உங்களோடு சேர்ந்தே குறைப்பார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹைவே கோட்டில் ‘மஸ்ட்’ என்று பெரிய எழுத்தில் இருப்பது சட்டம். மீறினால் அதுவே குற்றம். ‘ஷுட்’ என்று இருப்பதை மீறுவது தன்னளவில் குற்றம் ஆகாது என்றாலும், விபத்து நேர்ந்து வழக்கு வந்தால் அதை உங்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டலாம். தமிழில் நாம் இரண்டையும் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால் வேறுபாடு மறைந்துபோகிறது. திரும்பும் வாகனம் காத்து நிற்பவருக்கு வழிவிடுவது ‘ஷுட்’ வகையைச் சேர்ந்தது. எதிரே வரும் சாரதிக்கு இந்த விதியே தெரியாமல் இருக்கலாம் என்பதையும் சேர்த்து எண்ணி, நடந்து வரும் பெற்றோர், திரும்பும் கார் உண்மையாகவே நின்ற பிறகுதான் பிள்ளையை வீதியில் இறக்க வேண்டும். கார் மெதுவாவதை மட்டும் நம்பக் கூடாது.

பள்ளி வாயிலுக்கு நேரே உள்ள ஸீப்ரா கடவையில் இந்த இரண்டு சொற்களும் அருகருகே வருகின்றன. கடவையில் ஒருவர் கால் வைத்துவிட்டால் நின்று வழிவிடுவது சட்டம். ஓரத்தில் காத்து நிற்பவருக்கு வழிவிடுவது ‘ஷுட்’. வாகனம் நிற்கும் முன் பிள்ளை இறங்கினால் அவளுக்கு உரிமை இருக்கும், ஆனால் வாகனம் நிற்பதற்குத் தூரமும் வேண்டுமே. மணிக்கு 30 மைல் வேகத்தில் வரும் காருக்குக் காய்ந்த வீதியில் ஏறத்தாழ 23 மீட்டர் தேவை. 20 மைலில் வந்தால் 12 மீட்டர். மழை நாளில் இவை இரட்டிப்பாகலாம். ஆகவே கடவை விளிம்பில் நின்று, தான் கடக்கப்போவது சாரதிக்குத் தெரியும்படி காட்டி, இரு பக்கமும் வாகனங்கள் நின்ற பிறகே இறங்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சில கடவைகளின் நடுவில் மேடைத் திட்டு இருக்கும். அவற்றை இரண்டு தனிக் கடவைகளாகக் கொண்டு, திட்டில் நின்று மறுபடியும் பார்த்துக் கடக்க வேண்டும்.

சாரதிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நின்றபின் கையசைத்தோ, முன்விளக்கை மின்னவைத்தோ பிள்ளையை “வா, வா” என்று அழைக்காதீர்கள். நீங்கள் நின்றிருப்பது உங்கள் தடத்தில் மட்டுமே. எதிர்த்திசையில் வருபவருக்காக நீங்கள் உறுதி சொல்ல முடியாது. அதோடு, ஊரில் முன்விளக்கை மின்னவைத்தால் “நான் வருகிறேன், விலகு” என்று பொருள் கொள்வோம், இங்கே பலர் “நீ போ” என்ற பொருளில் அதைச் செய்கிறார்கள். ஹைவே கோட்டின்படியோ அதற்கு “நான் இங்கே இருக்கிறேன்” என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தா பாட்டியரே பல பிள்ளைகளை அழைத்து வருவதால், இந்தக் குழப்பம் நமது பள்ளிக்கு மிகவும் நெருக்கமானது.

கடவையின் இருபுறமும் உள்ள வெள்ளை ஸிக்ஸாக் கோடுகளில் வாகனத்தை நிறுத்துவது குறித்து எனக்குக் கவலை அதிகம். பள்ளி வாயிலில் மஞ்சள் ஸிக்ஸாக் கோடுகளும் உள்ளன. அவற்றின் அறிவிப்புப் பலகையில் திங்கள் முதல் வெள்ளி வரை என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்த சிலர், சனிக்கிழமை வெள்ளைக் கோட்டிலும் நிறுத்தலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். வெள்ளைக் கோடுகளுக்கு நாளும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு நிமிடம் பிள்ளையை இறக்கிவிடுவதற்கும் அங்கே நிறுத்தக் கூடாது. அங்கே நிற்கும் கார், கடவையில் இறங்கும் சிறு பிள்ளையை வரும் சாரதியின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அதே கோடுகளுக்குள், கடவைக்கு மிக அருகில் முன்னே சென்றுகொண்டிருக்கும் வாகனத்தையோ வழிவிடுவதற்காக நின்ற வாகனத்தையோ முந்துவதும் குற்றம். இவற்றுக்கு வழக்கமாக 100 பவுண் தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் 3 புள்ளிகளும் விதிக்கப்படுகின்றன. வாகனங்கள் வரிசையாகத் தேங்கி நிற்கும்போது, கடவையின் மேல் நிற்காமல் அதை வெறுமையாக விட்டு அதற்கு முன்பே நின்றுகொள்ளுங்கள்.

பேருந்து நிறுத்தத்தருகே உள்ள விளக்குக் கடவையில் விதி எளிது. பச்சை மனிதன் தெரியும்போது கடப்பவருக்கு முன்னுரிமை. சிவப்பில் வாகனம் நிறுத்தற்கோட்டின் பின்னால் நிற்க வேண்டும். பழைய வகையான பெலிக்கன் கடவையில் மட்டும் சிவப்புக்குப் பிறகு மஞ்சள் விளக்கு மின்னும். அது “புறப்படலாம்” என்ற அறிவிப்பு அல்ல. கடவையில் யாராவது இருந்தால் வழிவிட்டே ஆக வேண்டும், ஒருவரும் இல்லையென்றால் கவனத்தோடு போகலாம். அதே நேரத்தில் நடப்பவருக்குப் பச்சை மனிதன் மின்னுவான். ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிக்கலாம், புதிதாக இறங்கக் கூடாது. நமது பேருந்து நிறுத்தத்தில் இருப்பது பஃபின் வகை. அதில் மின்னும் விளக்கு கிடையாது. நடப்பவர் இன்னும் கடவையில் இருப்பதை உணர்கருவி கண்டால் வாகனங்களுக்குச் சிவப்பு சற்று நீளும். பச்சை, சிவப்பு மனிதர்கள் எதிர்க்கரையில் இல்லாமல், பொத்தானுக்கு மேலே பக்கத்திலேயே இருப்பதால், வரும் வாகனங்களின் பக்கமே பிள்ளையின் பார்வை திரும்பியிருக்கும். எந்த வகையானாலும், வாகனத்துக்குப் பச்சை விழுந்த பிறகும் ஒரு முதியவர் நடுவில் இருந்தால் அவர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

அதைத் தாண்டியுள்ள நாற்சந்தியில்தான் பெரியவர்களும் தவறுகிறார்கள். உங்களுக்குப் பச்சை விழுந்து நீங்கள் இடமோ வலமோ திரும்பினால், அந்தப் பச்சை நேரே போவதற்குத் தரும் உறுதியைத் திரும்புவதற்குத் தருவதில்லை. நீங்கள் திரும்பும் வீதியை ஒருவர் கடந்துகொண்டிருந்தால் அவருக்கு வழிவிட வேண்டும். நடப்பவர்களும், ஒரு தடத்தில் வாகனங்கள் நின்றுவிட்டன என்பதால் எல்லாத் தடங்களும் நின்றுவிட்டதாக எண்ணாமல், மூலையால் திரும்பி வருபவர் உண்டா என்று பார்க்க வேண்டும்.

வார நாட்களில் மாணவர்கள் வீதியைக் கடக்க உதவும் லொலிபொப் பணியாளர் சனிக்கிழமைகளில் இங்கே இல்லை. வரும் சனிக்கிழமை முதல் காலை 9.15 மணியிலிருந்து 9.45 வரை இரண்டு ஆசிரியர்கள் பக்கவீதி முனையில் நிற்பார்கள். வாகனங்களை நிறுத்தும் சட்ட அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பிள்ளைகளை ஓரத்தில் நிறுத்திவைக்க மட்டுமே அவர்களால் முடியும், நிற்க வேண்டிய சாரதி தானாகவே நிற்க வேண்டும். காரில் வருபவர்கள் பின்வாயில் வாகனத் தரிப்பிடத்தில் பிள்ளைகளை இறக்கிவிடலாம்; அது 9 மணிக்கே திறந்திருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்