ஆம்பூர் இரண்டு வருடம்

அன்புள்ள அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை வேலூர் கோட்டை அகழி ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபோது ஒன்று சொன்னாயே: "மறுபடி பிறந்தா இதே வாழ்க்கைதான் வேணும், அந்த ஆம்பூர் ரெண்டு வருஷம் மட்டும் வேணாம்." அப்போது சிரித்துவிட்டேன், அப்புறம் தூக்கம் வரவில்லை.

நீ சொன்னதை ஜெர்மன் தத்துவவாதி நீட்சே ஒத்துக்கொள்ளவே மாட்டார். 1881 ஆகஸ்டில், சுவிட்சர்லாந்தில் ஒரு ஏரிக்கரையில் நடந்துபோகையில் அவருக்குத் தோன்றிய யோசனை இது. அடுத்த வருடம் வந்த புத்தகத்தில், 341-ஆவது பகுதியில், அதைக் கேள்வியாகவே வைத்தார். நீ தனிமையின் அடியில் கிடக்கும் நேரத்தில் ஒரு பூதம் வந்து, இந்த வாழ்க்கையையே இன்னும் எண்ணற்ற முறை வாழ்வாய், புதிதாக எதுவும் இருக்காது, இந்தச் சிலந்தியும் மரங்களுக்கு நடுவே தெரியும் இந்த நிலா வெளிச்சமும்கூட அதே வரிசையில் வரும் என்கிறது. பல்லைக் கடித்து அதைச் சபிப்பாயா, இல்லை இதைவிடத் தெய்வீகமான சொல்லைக் கேட்டதே இல்லை என்பாயா?

நம் ஊரில் பேசும் மறுபிறவி இல்லை இது. அதில் அடுத்த தடவை கொஞ்சம் மேலே போகலாம், கடைசியில் விடுதலையும் உண்டு. இங்கே எதையும் வெட்ட முடியாது. அது உண்மையில் திரும்ப வருமா, போன தடவை நமக்கு ஏன் நினைவில்லை என்பதெல்லாம் இந்தச் சோதனைக்கு முக்கியமில்லை. கேட்டதும் உன் முகம் எப்படிப் போகிறது என்பதுதான் விஷயம்.

சரி, உன் இரண்டு வருடத்துக்கு வருகிறேன். அப்பா படுத்ததும் பிளஸ் டூவை விட்டுவிட்டு ஷூ கம்பெனிக்குப் போனாய், விடியும் முன்னே கம்பெனி பஸ், நாள் முழுக்க அப்பர் தையல், பசை நாற்றம். அந்தச் சம்பளத்தில்தான் நான் காலேஜ் படித்தேன். "அதனால்தானே தம்பி ஆளானான்" என்று அம்மா சமாதானம் சொல்வாள். எனக்கு அது ஆமோதிப்பாகத் தெரியவில்லை, அடகுக்கடைக் கணக்கு மாதிரி இருக்கிறது: இவ்வளவு போச்சு, இவ்வளவு வந்தது. நீட்சே கேட்பது வேறு. லாபம் எதையும் காட்டாமல், அந்த நாளையே அதற்காகவே மறுபடி கேட்பாயா என்கிறார். அதிலும் "ஆமாம்" என்று நான் சொல்வது ரொம்பச் சுலபம், தைத்தது நீயல்லவா. ஒருத்தர் பட்ட பாட்டுக்கு இன்னொருத்தர் தலையாட்டலாமா? என் வாழ்க்கையை அப்படியே வேண்டும் என்றால் உன் இரண்டு வருடத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அந்த இடத்தில் என் நாக்கு எழவில்லை, அது தோல்வி என்றால் தோல்வியாகவே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த பஸ்ஸில் கடைசி சீட்டில் நீங்கள் நாலு பேர் பாட்டுப் பாடிக்கொண்டே போவீர்கள், டிரைவர் திட்டுவார் என்று நீதான் சொன்னாய். ரெண்டு வருஷத்தை எடுத்தால் அதுவும் போய்விடுமே, பரவாயில்லையா?

உன் தம்பி